மீட் லோஃப் நடுவில் வேகவில்லை: ஓவனா, பாத்திரமா?

கேள்வி: மீட் லோஃப் செய்ய எட்டரைக்கு நாலரை அங்குலப் பேன் வாங்கினேன். குறிப்பில் ஒன்பதுக்கு ஐந்து என்றிருந்தது. அரை அங்குலம்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டு பவுண்டு மாட்டுக் கொத்துக்கறியை 350 டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வைத்தும் நடுவில் சிவப்பாகவே இருந்தது. ஓவனை மாற்றவா, பேனை மாற்றவா? (வாசகி, டல்லாஸ்)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் முனை மெலிந்த டிஜிட்டல் உணவு வெப்பமானி ஒன்று வாங்குங்கள்.

அந்த அரை அங்குலம் சின்ன விஷயமில்லை. ஒன்பதுக்கு ஐந்தின் பரப்பு 45 சதுர அங்குலம். உங்களுடையது சுமார் 38. அதே கறி உங்கள் பேனில் ஆறில் ஒரு பங்கு கூடுதல் உயரமாக நிற்கும், நடுவுக்குச் சூடு போய்ச் சேரத் தாமதமாகும். அதற்காக ஓவன் சூட்டை ஏற்றினால் மேற்புறம் கருகும், நடு அப்படியே இருக்கும். 350லேயே விட்டு, நேரத்தைக் கூட்டுங்கள். அல்லது ஒன்றரை பவுண்டு மட்டும் போடுங்கள். பேனே இல்லாமல், விளிம்புள்ள தட்டில் கையால் உருட்டி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. கொழுப்பு வழிந்துவிடும், ஓரமெல்லாம் முறுகும்.

நிறத்தை நம்பாதீர்கள். கொத்துக்கறி சில சமயம் வேகும் முன்பே பழுப்பு நிறமாகிவிடும். வெங்காயமும் செலரியும் சேர்ந்தால் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக நிற்கும். முழுக் கறித்துண்டில் கிருமி வெளிப்புறத்தில்தான் இருக்கும், அரைக்கும்போது உள்ளெங்கும் கலந்துவிடும். ஆகவே நடுப்பகுதியே 160 டிகிரியைத் (71 செல்சியஸ்) தொட வேண்டும். கோழி, வான்கோழி என்றால் 165 (74 செல்சியஸ்). ஐம்பதாவது நிமிடத்தில் பக்கவாட்டிலிருந்து நடுவரை குத்திப் பாருங்கள். பேன் தடுத்தால் மேலிருந்து சாய்வாக. முனை பேனின் அடியைத் தொட்டால் எண் பொய் சொல்லும். 140 காட்டினால் பதறாமல் உள்ளே தள்ளி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். எடுத்தபின் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் துண்டு உதிராது.

கடையில் முள் சுற்றும் வகை வெப்பமானி மலிவாகக் கிடைக்கும். அதன் தண்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் கறிக்குள் புதைந்தால்தான் சரியாகக் காட்டும். லோஃபுக்கு அது போதும். குடைமிளகாய்க்குள் திணித்த கறிக்குப் போதாது. டிஜிட்டல் வகை முனையில் அரை அங்குலத்திலேயே சூட்டை உணரும். வாங்கியதும் ஐஸ் நிரம்பிய தண்ணீரில் முனையை வையுங்கள். 32 காட்டாவிட்டால் ரசீதோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குடைமிளகாய் செய்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அளவுப் பாத்திரம் எடுங்கள், இல்லையேல் சாய்ந்துவிடும். அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே ஃபாயில், அதே 350. திணித்தது எந்தக் கறியானாலும் நடுவில் 165 வந்தபிறகே எடுங்கள்.