சீட்டு போலி என்று தெரியாமல் மருந்து விற்றால் குற்றமா?

கேள்வி: மருந்துக்கடை நடத்துகிறேன். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே தரவேண்டிய மருந்தை, சீட்டைப் பார்த்துத்தான் கொடுத்தேன். அது போலி என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது என் மேல் வழக்கு. ஏமாந்தவன் நான், எப்படிக் குற்றவாளி ஆவேன்?

பதில்: இதே வாதத்தை இங்கிலாந்தில் ஸ்டோர்க்வைன் என்ற மருந்துக்கடை நிறுவனம் வைத்துப் பார்த்தது. அதன் மேல் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் 1986-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, குற்றவாளி என்ற முடிவை உறுதிசெய்தது.

காரணம் சட்டத்தின் வாசகம். பொதுவாக, தெரிந்தோ வேண்டுமென்றோ செய்த குற்ற மனநிலை இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். சட்டம் மௌனமாக இருந்தாலும் நீதிமன்றம் அதை எதிர்பார்க்கும். ஆனால் அந்த மருந்துச் சட்டத்தின் வேறு சில பிரிவுகளில் தெரிந்தே செய்திருந்தால்தான் குற்றம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். சீட்டில்லாமல் விற்பது பற்றிய பிரிவிலோ அப்படி எதுவும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள் என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ஆகவே உங்கள் மேல் போட்ட பிரிவையும் அதன் பக்கத்துப் பிரிவுகளையும் சேர்த்துப் படியுங்கள். 'தெரிந்தே' என்ற சொல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

எதற்காக இப்படி ஒரு சட்டம்? மருந்து, உணவு, கழிவுநீர் போன்றவற்றில் ஒரு பிழை முகம் தெரியாத பலரைப் பாதிக்கும். தடுக்கும் வசதி தொழில் நடத்துபவர் கையில்தான் இருக்கிறது. அவர் மனதில் என்ன இருந்தது என்பதை வெளியாள் நிரூபிப்பதோ கிட்டத்தட்ட முடியாத காரியம். தனி மனிதருக்கு இது கடுமைதான். அபராதத்தோடு நிற்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம், சிறை என்றால் எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் கடுமையைக் கனடா உச்ச நீதிமன்றம் 1978-இல் இரண்டாகப் பிரித்தது. கண்டிப்பான பொறுப்பு என்றால், செயல் நடந்ததை அரசுத் தரப்பு நிரூபித்தால் போதும். அப்புறம் நியாயமான கவனம் எடுத்தேன் என்று நீங்கள் காட்டித் தப்பிக்கலாம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டத் தேவையில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். முழுமையான பொறுப்பு என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். எல்லா நாடுகளும் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் சட்டமே அந்த எதிர்வாதத்தைத் தந்திருந்தால்தான் உண்டு.

உங்கள் சட்டம் அதைத் தருகிறது என்றால், 'நம்பிக் கொடுத்தேன்' என்பது போதாது. டாக்டரின் பதிவு எண்ணைச் சரிபார்த்தீர்களா? எழுதியிருந்த அளவு வழக்கத்துக்கு மாறாக இருந்ததா? சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் செய்யும் நடைமுறை கடையில் இருந்ததா, அன்று அது நடந்ததா? விற்பனைப் பதிவேடு, போன் பதிவு, ஊழியர்களுக்குக் கொடுத்த எழுத்து அறிவுரை எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். வழக்கு வந்தபிறகு தயாரித்தவை உதவாது, கெடுதலும் செய்யும்.

முழுமையான பொறுப்பாகவே இருந்தாலும் அந்தக் காகிதங்கள் வீணாகாது. தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது அவைதான் பேசும். விற்றது நீங்கள்தான், அது சீட்டு தேவைப்படும் மருந்துதான், சீட்டு போலிதான் என்ற மூன்றையும் அரசுத் தரப்பு எப்படியும் நிரூபித்தாக வேண்டும். அதில் ஓட்டை இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.