கைரன் 5-ஆம் வீடா, 6-ஆம் வீடா?

"1974, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தேன். என் ஜாதகத்தில் கைரன் என்ற குறுங்கோள் ஒரு ஜோதிடத் தளத்தில் 5-ஆம் வீடு, இன்னொன்றில் 6. நான் தாதி, நோய்க்கும் சேவைக்குமான 6-தான் பொருந்துது. எது சரி?"

அநேகமா 5-தான் சரிக்கா. அப்போ தீபகற்ப மலேசிய நேரம் UTC+7:30. 1982-லதான் +8 ஆச்சு. +8 போடுற தளம் உங்களை அரை மணி முன்னாடியே பிறக்க வெச்சிடும். லக்னம் ஏறக்குறைய 7 பாகை பின்னால போக, எல்லைப் பக்கத்துல இருக்கிற கைரன் அடுத்த வீட்டுக்குத் தாவிடும்.

ரெண்டு தளத்திலும் +7:30-ஐக் கையால போட்டு, வீட்டு முறையும் (பிளாசிடஸ்) ஒண்ணா வெச்சுப் பாருங்க. பிறப்புச் சூராவுல நேரமே இல்லாம, அம்மா "காலைப் பெரட்டுக்கு முன்னாடி"ன்னு சொன்ன கணக்குன்னா வீட்டையே நம்பாதீங்க.

மேற்கத்திய முறையில கைரனோட ராசி மேஷம்தான், ஆனா அதுல தனிப்பட்டது எதுவுமில்ல. கைரன் மேஷத்துல சுமார் எட்டு வருஷம் இருந்துச்சு, லயத்துல உங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் அதே "காயம்".

எனக்கு இதுல நம்பிக்கை கம்மி. 1977-ல கண்டுபிடிச்சதுக்கு, நோய் தீர்த்தும் தன் புண் ஆறாத கிரேக்கப் பாத்திரத்தோட பேரை வெச்சாங்க. பலன் அந்தக் கதையிலேர்ந்து வந்தது. தப்பான நேரத்து 6-ஆம் வீடே உங்களுக்குப் பொருந்தியிருக்கே! வீட்டு எண்ணை மறைச்சு, ரெண்டு பலனையும் தங்கச்சிகிட்ட காட்டி எது அக்கான்னு கேளுங்க.