வீட்டுக்கு ட்ரில்லிங் மெஷின்: பெட்டியில் போட்டிருக்கும் டார்க் எண்ணை நம்பலாமா?

கேள்வி: வீட்டு வேலைக்கு ட்ரில்லிங் மெஷின் வாங்கணும். சக் 10 மி.மீ. போதுமா, 13 வேணுமா? டார்க் எவ்வளவு இருக்கணும்? வயர் உள்ளதா, பேட்டரியா? பிட் எப்படிப் பார்த்து வாங்குறது? ஊர் பாம்பன் பக்கம்.

பதில்:

13 மி.மீ. சக், 600 வாட் அளவில், சுற்றிக்கொண்டே அடிக்கவும் செய்யும் வயர் வைத்த இம்பாக்ட் ட்ரில் வாங்குங்கள். விசையை அழுத்துவதற்கு ஏற்ப வேகம் கூடிக் குறைய வேண்டும். இந்த முடிவுக்கு நான் வந்தது மண்டபத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் ஒன்றால்தான்.

திரைச்சீலைக் கம்பி மாட்ட ஜன்னலுக்கு மேலே நான்கு ஓட்டை போட வேண்டியிருந்தது. மச்சான் புதிதாக வாங்கிய 12 வோல்ட் பேட்டரி ட்ரில்லைக் கொண்டுவந்தார். பெட்டியில் டார்க், அதாவது முறுக்கு விசை, 30 நியூட்டன் மீட்டர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. சுத்தியல் படம் போட்ட மோடும் இருந்தது. முதல் நாள் அதே மெஷினில் செங்கல் சுவரில் கண்ணாடி மாட்ட ஓட்டை போட்டபோது அரை நிமிடம்கூட ஆகவில்லை, சிவப்புத் தூள் கொட்டியது. ஜன்னலுக்கு மேலே பூச்சைத் தாண்டியதும் தூள் சாம்பல் நிறமானது. பிட் அங்கேயே நின்று சுற்ற ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் அழுத்தியும் ஒரு சென்டிமீட்டர் இறங்கவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் பிட்டின் நுனிப் பக்கம் நீலம் பாரித்திருந்தது.

ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல், அதாவது கருங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட். ஜல்லியைப் பிட் அறுப்பதில்லை, அடித்து நொறுக்குகிறது. சுற்றுவது நொறுங்கியதை வெளியே தள்ளத்தான். அதனால் சுவர் வேலையில் முக்கியம் மெஷின் எத்தனை முறை அடிக்கிறது என்பதுதான். இம்பாக்ட் ட்ரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 16 முறை அடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் வயர் மெஷின் 48,000 அடி கொடுக்கும். மச்சானின் மெஷின் 1,500 சுற்றுதான், அடியும் பாதி. அது எடை குறைந்த மெஷின், சக்தியும் குறைவு. நாம் அழுத்தினால் வேகம் இன்னும் படுத்துவிடும்.

சரி, அந்த 30 நியூட்டன் மீட்டர் என்ன ஆயிற்று? அது மெஷின் மெதுவாகச் சுற்றும் கியரில், ஏறக்குறைய நின்றுபோகும் தருவாயில் தரும் முறுக்கு. 600 வாட் வயர் மெஷினில் பாதி சக்தி சக்குக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், 3,000 சுற்றில் அதன் டார்க் வெறும் 1 நியூட்டன் மீட்டர்தான் வரும். எண்ணை மட்டும் பார்த்தால் பேட்டரி மெஷின் முப்பது மடங்கு பெரியது. லிண்டலில் நடந்ததோ நேர்மாறு. பக்கத்து வீட்டிலிருந்து 600 வாட் மெஷினும் புது பிட்டும் வாங்கி வந்து, மிச்ச ஓட்டைகளை ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தோம்.

டார்க் தேவைப்படும் இடம் வேறு: மரத்தில் நீள ஸ்க்ரூ முறுக்குவது, கதவில் பூட்டுக்குப் பெரிய வட்டம் அறுப்பது, இரும்பு கேட்டில் 10 மி.மீ. ஓட்டை போடுவது. இங்கெல்லாம் வேகம் குறைவாகவும் முறுக்கு அதிகமாகவும் வேண்டும், சுத்தியல் மோடு அணைந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மர வேலையும் ஸ்க்ரூ வேலையும்தான் அதிகம் என்றால் பேட்டரி மெஷினே சரி. இரண்டு கியர் உள்ளதாகப் பாருங்கள். கரண்ட் இல்லாத படகிலும் தோப்பிலும் வேலை இருக்கிறது என்றாலும் அப்படியே.

மற்றவர்களுக்கு நான் வயர் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு மெஷின் வருடத்தில் பதினொரு மாதம் பரணில் கிடக்கும். வயர் மெஷினைத் தூசி தட்டி செருகினால் ஓடும். லித்தியம் பேட்டரி முழுசாக இறங்கிப்போய் மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாமலே போகலாம், தகரக் கூரை வெக்கையிலும் அதன் ஆயுள் குறையும். கடற்கரை வீட்டில் உப்புக்காற்று பட்டு பேட்டரியின் பித்தளை முனைகளில் பச்சை பூப்பதை மச்சான் மெஷினிலேயே பார்த்தோம். மொட்டை மாடிக்கு எக்ஸ்டென்ஷன் இழுப்பதாக இருந்தால் மெல்லிய வயரை இழுக்காதீர்கள், வோல்ட் இறங்கி மெஷின் முனகும், சுடும். 1.5 சதுர மி.மீ. வயர் வேண்டும்.

சக் அளவு என்பது எவ்வளவு தடிமனான பிட்டைக் கவ்வும் என்பதுதான், மெஷினின் பலம் இல்லை. வீட்டில் போடுவது 6, 8, எப்போதாவது 10 மி.மீ. ஓட்டை, அளவுக்கு 10 மி.மீ. சக்கே போதும். ஆனால் அடிக்கும் திறன் உள்ள மோட்டார் பெரும்பாலும் 13 மி.மீ. சக்கோடுதான் வருகிறது. அதில் 1 மி.மீ. பிட் நிற்காது, அதுதான் ஒரே குறை. கையால் முறுக்கும் சக்கைவிட சாவி போடும் சக்கை எடுங்கள். அடியின் அதிர்வில் கையால் முறுக்கியது தளரும். சாவியை ஒரே துளையில் போட்டு முறுக்கிவிட்டு விடாதீர்கள், மூன்று துளையிலும் போட்டு இறுக்கினால்தான் பிட் நடுவில் நிற்கும்.

பிட்டில் காசைக் குறைக்க வேண்டாம். மெஷினோடு இலவசமாக வரும் பிட் செட் எனக்கு ஒரு லிண்டலைத் தாண்டியதில்லை. கான்கிரீட் பிட்டின் நுனியில் தனியாக ஒரு கார்பைடு துண்டைப் பற்றவைத்திருப்பார்கள். கடையில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்: அந்தத் துண்டு தண்டைவிட இரு பக்கமும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்க வேண்டும், பற்றவைத்த இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. பழைய பிட்டில் துருத்தல் தேய்ந்து தண்டோடு சமமாகிவிட்டால் அது ஓட்டைக்குள்ளேயே சிக்கும். மெஷின் கையை முறுக்கும், அதனால் பக்கக் கைப்பிடியைப் பிடிக்காமல் ஓட்டாதீர்கள். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்கினால் கார்பைடு விரிசல் விடும். கீழே வைத்து ஆறவிடுங்கள். இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் பிட் தனி. அதை மெதுவான வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்ட வேண்டும்.

ஸ்க்ரூ பிடிக்கச் சுவருக்குள் செருகும் 40 மி.மீ. பிளக்குக்கு 50 மி.மீ. ஆழம் போடுங்கள், அளவுக்கு பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளலாம். பத்து நொடி ஓட்டி, வெளியே இழுத்து, தூளைக் கொட்டவிட்டு மறுபடி இறக்குங்கள். திடீரென்று இறங்காமல் நின்று, தூளில் வெள்ளி மினுங்கினால் உள்ளே கம்பி. அதோடு மல்லுக்கட்டாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். டைல்ஸில் ஆரம்பிக்கும்போது சுத்தியல் மோடு கூடவே கூடாது. உங்கள் பக்கத்துப் பழைய பவளக்கல், சுண்ணாம்புச் சுவரிலும் அணைத்துவிட்டே போடுங்கள். அடித்தால் ஓட்டை உதிர்ந்து அகலமாகி பிளக் ஆடும்.

தூண், பீம் என்று ஒரே நாளில் முப்பது நாற்பது ஓட்டை வேண்டுமென்றால் இந்த மெஷின் பத்தாது. ரோட்டரி ஹாம்மரை வாடகைக்கு எடுங்கள். அதற்குப் பிட்டின் தண்டே வேறு மாதிரி, உங்கள் பிட் அதில் சேராது.

வேலை முடிந்ததும் சக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி தூளைக் கொட்டுங்கள். தாடை மூன்றிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பிட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். நான் ஒரு மழைக்காலம் அப்படியே போட்டுவைத்து, தை மாதம் எடுத்தபோது சக் திறக்கவே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் அசைந்தது.