'இவன் விஷுவல் லேர்னர்' என்று எழுதிக் கொடுத்தால் நம்பலாமா?

"என் மகனுக்குப் பத்து வயது. போன வருடம்தான் தஞ்சாவூரிலிருந்து பெங்களூருக்கு வந்தோம். ஸ்கூலில் சொன்னார்கள் என்று ஒரு மூளைப் பயிற்சி மையத்தில் டெஸ்ட் எடுத்தோம். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் நாலுக்கு மேல் வரவில்லை. படங்களை ஞாபகம் வைப்பதில் நன்றாகச் செய்தான். 'வார்த்தை நினைவு வீக், காட்சி நினைவு ஸ்ட்ராங், இவன் விஷுவல் லேர்னர்' என்கிறார்கள். இரண்டும் தனித்தனி நினைவு என்று ஆராய்ச்சியே நிரூபித்திருக்கிறதாம். ஆறு மாதப் பயிற்சிக்கு மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார்கள். கட்டலாமா?"

இப்போது கட்டாதீர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேட்டதையும் பார்த்ததையும் சில நொடிகள் மனதில் பிடித்து வைத்து வேலை செய்கிறோமே, அதைச் செயல் நினைவு என்கிறோம். அதில் சொற்களுக்கு ஓர் இடம், உருவத்துக்கும் இடத்துக்கும் வேறு ஓர் இடம், இரண்டையும் மேய்க்கிற கவனம் ஒன்று என்று 1974-ல் இங்கிலாந்தின் பேட்லியும் ஹிட்ச்சும் ஒரு மாதிரி வரைந்தார்கள். இது எப்படித் தெரியும்? மூளையைத் திறந்து பார்த்தல்ல. ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்து, எது எதோடு முட்டிக்கொள்கிறது என்று பார்த்துத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1968-ல் கனடாவின் லீ புரூக்ஸ் செய்த சோதனை. நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். மரக்கட்டையில் செதுக்கியதுபோல் தடிமனான ஆங்கில எஃப் எழுத்தை மனதில் கொண்டுவாருங்கள். கீழே இடது மூலையில் தொடங்கி மேல்நோக்கி ஓரமாகவே ஒரு சுற்று வாருங்கள். மொத்தம் பத்து மூலை வரும். மூலை எழுத்தின் உச்சியிலோ அடியிலோ இருந்தால் 'ஆமாம்', நடுவில் இருந்தால் 'இல்லை'. சரியாகச் செய்தால் மூன்று ஆமாம், ஆறு இல்லை, கடைசியில் ஓர் ஆமாம். வாயால் சொல்லும்போது பெரிய கஷ்டம் இருக்காது. அதே விடைகளை, 'ஆ', 'இ' என்ற எழுத்துகள் வரிக்கு வரி தள்ளித் தள்ளி எழுதப்பட்ட தாளில் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் திண்டாடிவிடுவோம். புரூக்ஸின் ஆட்களுக்கு வாயால் சொல்லச் சுமார் 11 வினாடியும், தொட்டுக் காட்டச் சுமார் 28 வினாடியும் ஆனது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் நிரூபணம் ஆகியிருக்காது. 'தொட்டுக் காட்டுவதே கஷ்டமான வேலை, அவ்வளவுதான்' என்று யாரும் சொல்லிவிடலாம். அதனால் புரூக்ஸ் அடுத்ததாக வாக்கியம் கொடுத்தார். தமிழில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 'பாட்டி மெதுவாக நடந்து மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கினாள்.' வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் பெயர்ச்சொல்லா என்று சொல்ல வேண்டும். ஆமாம், இல்லை, இல்லை, ஆமாம், ஆமாம், இல்லை, ஆமாம், இல்லை. இப்போது கதை தலைகீழ். வாயால் சொல்லச் சுமார் 14 வினாடி ஆனது, தொட்டுக் காட்டச் சுமார் 10 வினாடிதான். உருவத்தை மனதில் வைத்தால் கண்ணும் கையும் இடறின, வாக்கியத்தை வைத்தால் வாய் இடறியது. இந்தக் குறுக்குவெட்டுதான் ஆதாரம். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் 'அது கஷ்டமான வேலை' என்று தள்ளிவிடலாம். இரண்டு பக்கமும் மாறி மாறிக் குறைந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் அறிக்கையைப் பாருங்கள். எண்ணில் குறைவு, படத்தில் நிறைவு. இரட்டை வேலை எங்கே? குறுக்குவெட்டு எங்கே? இரண்டு அறைகள் இருப்பது உண்மை என்பதால், உங்கள் பையனின் ஓர் அறை சின்னது என்று ஆகிவிடாது. மதிய வெயிலில் ஆட்டோவில் வந்து இறங்கிய களைப்பு, காதில் சளி, தெரியாத அக்கா கேள்வி கேட்கிற பயம் எல்லாமே எண்ணைக் குறைக்கும். இந்த அறிக்கைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. பதினான்கு பக்கம், கலர் கலராக மூளைப் படம். எந்த மொழியில் டெஸ்ட் நடந்தது என்ற ஒரு வரி மட்டும் இருக்காது.

அந்த ஒரு வரிதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சொற்களுக்கான இடம் ஒரு சின்ன ரெக்கார்டர் மாதிரி. இரண்டு வினாடிக்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் நிற்கும். உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அழியாமல் காக்கிறோம். ஆகவே சொல் நீளமானால், அல்லது வாயில் மெதுவாக வந்தால், குறைவாகத்தான் நிற்கும். வேல்ஸ் நாட்டில் இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து 1980-ல் இதைப் பார்த்தார்கள். வெல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கும். வெல்ஷ் தாய்மொழியாக இருந்தும் அவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் அதிக எண்கள் நின்றன. அங்கே இடைஞ்சல் எண்களின் நீளத்தில் இருந்தது, நினைவில் இல்லை.

தமிழ் எண்களில் பெரும்பாலானவை இரண்டு அசை, ஆங்கிலத்தில் பெரும்பாலானவை ஓர் அசை. அப்படியானால் டெஸ்டில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அவனுக்கு லாபம்தானே என்று நினைப்பீர்கள். ஆங்கிலம் வாயில் தண்ணீராக ஓடுகிற குழந்தைக்குத்தான் லாபம். தஞ்சாவூரில் 'அஞ்சு, ஆறு' என்று கணக்குப் போட்டு வளர்ந்தவன், வினாடிக்கு ஒன்றாக ஆங்கில எண்கள் வரும்போது உள்ளே மொழிமாற்றம் செய்துகொண்டிருந்தால், திரும்பச் சொல்லிப் பார்க்க நேரம் ஏது? அதனால் இரண்டு மொழியிலும், இரண்டு வேறு நாட்களில், அவனை எண் சொல்ல வைத்துப் பாருங்கள். தமிழில் ஐந்தாறு வந்து ஆங்கிலத்தில் நாலு வந்தால் 'வீக்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

படத்திலும் ஒரு பொறி இருக்கிறது. சின்னக் குழந்தைகள் படத்தைப் படமாகவே வைத்துக்கொள்வார்கள். ஏழெட்டு வயதுக்குமேல் பெரும்பாலானோர் படத்தைப் பார்த்ததும் மனதுக்குள் பேர் சொல்லிவிடுவார்கள். குடை, ஆடு, சாவி, வாளி. பத்து வயதுப் பையன் படம் பார்த்து நன்றாகச் செய்தான் என்றால், அவன் வார்த்தை நினைவில்தான் செய்தான் என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். எந்த நினைவை வீக் என்கிறார்களோ, அதே நினைவில்!

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே மாதிரியான ஒன்பது பாட்டில் மூடிகளை மேஜையில் ஒழுங்கில்லாமல் பரப்புங்கள். வினாடிக்கு ஒன்றாக மூன்று மூடியைத் தொடுங்கள், அவன் அதே வரிசையில் தொடட்டும். அப்புறம் நாலு, ஐந்து. மூடிக்குப் பேர் வைக்க முடியாது, அதனால்தான் படம் வேண்டாம் என்கிறேன். எண்ணையும் இதே வேகத்தில் சொல்லுங்கள். இரண்டையும் மூன்று விதமாகச் செய்யுங்கள். முதலில் சும்மா. அடுத்து, நீங்கள் காட்டும்போதும் சொல்லும்போதும் அவன் 'லா லா லா' என்று விடாமல் சொல்லிக்கொண்டே. கடைசியாக, துண்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு புத்தகத்தின் நான்கு மூலைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே. மொத்தம் ஆறு எண் கிடைக்கும். சாதாரணமாக, 'லா லா' எண்களை அதிகமாகக் குறைக்கும், தட்டுவது மூடிகளை அதிகமாகக் குறைக்கும். எதைச் செய்தாலும் இரண்டும் ஒரே அளவு சரிந்தால், அது அறையின் பிரச்சினை இல்லை, மேய்க்கிற கவனத்தின் பிரச்சினையாக இருக்கலாம், அல்லது வெறும் தூக்கம். மையத்தில் காட்டியதுபோன்ற படங்களையும் 'லா லா'வோடு ஒரு தடவை காட்டிப் பாருங்கள். மதிப்பெண் சட்டென்று விழுந்தால் அவன் பேர் சொல்லித்தான் சமாளித்தான்.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, பையன் கஷ்டமான கட்டத்தில் 'லா லா'வை நிறுத்திவிட்டு நினைவில் நன்றாகச் செய்துவிடுவான். அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'லா லா'வும் தட்டலும் தனியாக வருகிறதா என்று முதலில் பழக்கிவிடுங்கள். இன்னொன்று, மூடி எண்ணிக்கையையும் எண் எண்ணிக்கையையும் நேராக ஒப்பிடக் கூடாது. பெரியவர்களுக்கே மூடி பொதுவாக ஒன்று குறைவாகத்தான் வரும். சும்மா செய்ததிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இது நோயறியும் டெஸ்ட் இல்லை. அறிக்கையோடு வாதாட ஒரு கைவிளக்கு, அவ்வளவே.

சரி, அந்தப் பயிற்சி. கம்ப்யூட்டரில் கட்டங்களை நினைவு வைக்கிற விளையாட்டைத் தினமும் ஆடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரன் ஆவான், அதைப்போன்ற டெஸ்டிலும் கொஞ்சம் ஏறும். படிப்புக்கும் கணக்குக்கும் அது பெரிதாகப் போய்ச் சேர்வதில்லை என்றுதான் ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே விளையாட்டின் மதிப்பெண்ணைக் காட்டி 'பாருங்க மேடம், எவ்வளவு இம்ப்ரூவ்மெண்ட்' என்பார்கள். நோட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். 'விஷுவல் லேர்னர்' என்பதற்கும் இதே கதைதான். பார்த்துப் படிக்கிறவன், கேட்டுப் படிக்கிறவன் என்று பிரித்து அதற்கேற்பச் சொல்லிக் கொடுத்தால் கூடுதலாகப் பதியும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. பார்த்துப் படிக்கிறவன் என்று முத்திரை குத்தி வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிறு எரியும்.

ஸ்கூலில் சொன்னார்கள் என்கிறீர்கள். யார் சொன்னார், அந்த மையத்தின் பேரை யார் தந்தார் என்று கேளுங்கள். ஜெயநகரில் என்னிடம் வரும் பெற்றோரில் சிலர், மையத்தின் விசிட்டிங் கார்டு ஸ்கூல் டைரிக்குள்ளேயே வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ட் எடுத்தவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். எண் இல்லாமல் 'சர்டிஃபைட் டிரெய்னர்' என்று மட்டும் இருந்தால் அந்த அறிக்கையை அலமாரியில் வைத்துவிடலாம். பதிவு பெற்றவரிடம் அப்பாயின்ட்மெண்ட் வாங்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பெற்றோர் மையங்களில் போய் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். கோபம் அதன்மேலும்தான்.

முதலில் காது பரிசோதனை செய்துவிடுங்கள். அப்புறம் காலை நேரத்தில், சாப்பிட்ட பிறகு, மூடியையும் எண்ணையும் வைத்துப் பாருங்கள். அடுத்து எழுதும்போது அந்த ஆறு எண்களையும் எழுதுங்கள். பக்கத்திலேயே, எண்களை எந்த மொழியில் சொன்னீர்கள் என்பதையும்.