கால்ப்ரொடெக்டின் 140 வந்தால் குடல் அழற்சியா?

"வயது 26, அம்பாசமுத்திரம். எட்டு மாதமாகக் காலையில் நாலு தடவை வெளிக்குப் போகுது, போனதும் வயிற்று வலி அடங்குது. ரத்தம் இல்லை, எடையும் குறையலை. முதுகுவலிக்கு தினமும் டைக்ளோஃபினாக் போடுறேன். மலப் பரிசோதனையில் கால்ப்ரொடெக்டின் 140. டாக்டர் எரிச்சல் குடல், அதாவது ஐ.பி.எஸ். என்கிறார். லேப் ஏஜென்ட் குடல் அழற்சி நோய், அதாவது ஐ.பி.டி.யாக இருக்கும், ஃபுல் பாடி பேக்கேஜ் எடுங்க என்கிறார். யாரை நம்ப?"

ஏஜென்டை விடுங்கள். அவருக்குக் கமிஷன் பேக்கேஜில் இருக்கிறது, உங்கள் குடலில் இல்லை. அந்தப் பேக்கேஜில் வரும் எதுவும் குடலின் உள்சுவரைப் பார்க்காது.

குடல் சுவரில் வெள்ளை அணுக்கள் திரண்டால் மலத்தில் கலந்து வரும் புரதம்தான் கால்ப்ரொடெக்டின். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. 250-ஐத் தாண்டினால் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். உங்கள் 140 இடைப்பட்டது. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளே குடலை உறுத்தி இந்த எண்ணை ஏற்றிவிடும். பரிசோதனைக்கு அனுப்பும்போது அதை ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது; அரை நிமிஷக் கேள்வி! டாக்டரிடம் சொல்லி அதை நிறுத்துங்கள், வலிக்கு பாரசிட்டமால் போதும். இரண்டு வாரம் கழித்து மறுபடி மலம் கொடுங்கள்.

50-க்குக் கீழே வந்தால் உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி. ஐ.பி.எஸ்.ஸில் குடலில் புண் இருக்காது. குடலின் அசைவும் அதன் நரம்புகளின் உணர்வும் தடம் மாறியிருக்கும். ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது என்பதால் வலி பொய்யாகிவிடாது. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் முன்பு குடல் பிடிப்பைத் தளர்த்தும் மெபெவரின் மாத்திரை, தினம் ஒரு ஸ்பூன் இசப்கோல், பால் ஒத்துக்கொள்கிறதா என்று இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்பது: இப்படித்தான் தொடங்குவார்கள்.

ஐ.பி.டி.யில் உடலின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்கி நிஜமாகவே புண்ணாக்கும். ரத்தம், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, எடை குறைவு, ரத்தசோகை எல்லாம் அதன் பக்கம். ரத்தத்தைப் பார்த்ததும் 'மூலம், பௌத்திரம்' என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்கு ஓடுகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். அங்கே மாதக்கணக்கில் களிம்பு தடவுவார்கள். உள்ளே புண் பரவிக்கொண்டிருக்கும்.

எண் இறங்காவிட்டால் கொலோனோஸ்கோப்பி, சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை, பயாப்சியோடு. இங்கே ஒன்று மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்: காசநோய் பார்த்தாச்சா? ஐ.பி.டி.யில் ஒரு வகையான குரோன் நோயும் குடல் காசநோயும் பெரும்பாலும் அதே கடைசிப் பகுதியில்தான் வரும், ஸ்கோப்பில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குரோனுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். உள்ளே இருப்பது காசநோய் என்றால் அதே ஸ்டீராய்டு கிருமியைப் பரவவிடும். பயாப்சித் துண்டை ஃபார்மலினில் மட்டும் போட்டால் கிருமி வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு சலைனில் தனியாகப் போக வேண்டும். அதிலும் கிருமி அகப்படாமல் போகலாம். சந்தேகம் தீராவிட்டால் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் போட்டுப் புண் ஆறியதா என்று பார்ப்பார்கள். வலி குறைந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, ஆறாத புண்ணுக்குத்தான் குரோன் சிகிச்சை.