மறுகூட்டலுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகனும் அவன் நண்பனும் அமெரிக்கக் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் கணக்கில் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் சரியாகப் போட்டார்களாம். நண்பனுக்கு 80 மதிப்பெண் கூடுதல். மறுகூட்டலுக்கு ஆள் இருக்கிறார், பணம் கட்டுங்கள் என்கிறார் கோச்சிங் சென்டர்காரர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நம் ஊர்ப் பொதுத்தேர்வில் மதிப்பெண்ணைக் கூட்டுகிறார்கள், அதனால் மறுகூட்டல் உண்டு. டிஜிட்டல் எஸ்.ஏ.டி.யில் கூட்டலே கிடையாது. எதை மறுபடி கூட்டுவது?

ஒரு அளவுகோலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 0, மேலே +1, +2, கீழே -1, -2. மாணவரின் திறனும் கேள்வியின் கடினமும் இந்த ஒரே கோலில்தான் குறிக்கப்படும். குருட்டாம்போக்கில் குறிப்பதை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தால், இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும்போது விடை சரியாக வர வாய்ப்பு சரிபாதி. மாணவர் ஒரு படி மேலே இருந்தால் சுமார் 73 சதவீதம், ஒரு படி கீழே இருந்தால் 27. கேள்வி எங்கே நிற்கிறது என்பதை வாத்தியார் பார்த்துச் சொல்வதில்லை. முன்கூட்டியே மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். தேர்வைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மாட்யூல் என்கிறார்கள். ஒவ்வொரு மாட்யூலிலும் மதிப்பெண் இல்லாத 2 கேள்விகள் கலந்திருப்பது அதற்குத்தான்.

கணக்கில் 22 கேள்விகள் கொண்ட இரண்டு மாட்யூல்கள். முதலாவதை எப்படிச் செய்தார்கள் என்பதை வைத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். அந்த இரண்டாவதை மட்டும் எடுப்போம். மதிப்பெண் உள்ள 20 கேள்விகளில் இருவரும் 12 சரி. நண்பனுக்கு வந்தவை எல்லாம் +1, உங்கள் மகனுக்கு -1 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 60 சரி என்றால், கேள்விகள் நிற்கும் இடத்தைவிட மாணவர் சுமார் 0.4 மேலே இருக்கிறார். ஆக நண்பன் +1.4, மகன் -0.6. முதல் மாட்யூலும் சேரும்போது இடைவெளி மாறும். ஆனாலும் எண்ணிக்கை ஒன்று, இடம் வேறு, அதனால் மதிப்பெண்ணும் வேறு என்பது புரிகிறதல்லவா?

ஒரே கேள்விகளை எழுதி, ஒரே எண்ணிக்கையில் சரியாகப் போட்டாலும் மதிப்பெண் மாறலாம். காரணம், குருட்டாம்போக்கு. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலே கால்வாசி வாய்ப்பு இருக்கிறது. எளிய கேள்விகளைக் கோட்டைவிட்ட பையன் மிகக் கடினமான ஒன்றைச் சரியாகப் போட்டால், அது அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று மதிப்பெண் போடும் முறை சந்தேகப்படும், பெரிதாக ஏற்றாது. இதைக் கேட்டுவிட்டுத் தெரியாததை விட்டுவிடச் சொல்லாதீர்கள். தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, குறித்துவிட்டே வரட்டும்.

எந்தக் கேள்வி எந்த இடத்தில் நிற்கிறது என்று தேர்வு எழுதியவருக்குக் காட்டித் தொலைத்தால் பாதித் தரகர்கள் காணாமல் போவார்கள். காட்டமாட்டார்கள். அந்த இருட்டில்தான் 'முதல் ஐந்து கேள்விதான் எல்லாம்' என்று ஒருவர் வகுப்பு எடுக்கிறார், இன்னொருவர் மறுகூட்டல் விற்கிறார். முதல் மாட்யூல் முழுவதையும் பார்த்துத்தான் இரண்டாவது முடிவாகிறது.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: முதல் மாட்யூலில் தெரிந்த கணக்குகள் எத்தனை அவசரத்தில் போயின?