நம்ம தீபாவளியும் அவங்க தீவாளியும் ஒரே நாளா?

“அக்கா, இங்கிலாந்துல லெஸ்டருக்கு வந்து மூணு மாசம் ஆகுது. இங்கே எல்லாரும் தீபாவளின்னா ராமர் அயோத்தி திரும்பின நாள்னு சொல்றாங்க, நம்ம நரகாசுரனை யாருக்குமே தெரியலை. ஸ்கூல்லயும் ராமர் கதைதான், பொண்ணு குழம்பிப் போயிருக்கா. சில வருஷம் நாளே மாறுமாமே? எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறது எந்த நாள்ல?”

தங்கச்சி, நான் இங்கே கொண்டாடின முதல் தீபாவளி 2018-ல. நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை விடியறதுக்கு முன்னாடி பிள்ளைங்க தலையில எண்ணெய் வச்சு, குளிக்க வச்சு, புதுத்துணி போட்டு வேலைக்குப் போனேன். ஒருத்தர்கூட வாழ்த்துச் சொல்லலை. மறுநாள் எல்லாரும் வந்து வாழ்த்தினாங்க. வியாழக்கிழமை பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மா ஒரு தட்டு நிறைய பலகாரத்தோட வந்து “சால் முபாரக்”னாங்க. அது அவங்க புத்தாண்டு. மூணு நாள், மூணு பண்டிகை.

திதியைப் பார்த்தா இந்தக் குழப்பம் தீரும். நம்ம தீபாவளி நரக சதுர்த்தசி. ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி விடியற்காலையில எந்த நாள்ல இருக்கோ அந்த நாள்தான் கங்கா ஸ்நானம். வடக்கே லட்சுமி பூஜைக்கு அந்தி நேரத்துல அமாவாசை இருக்கணும். பெரும்பாலும் காலையில சதுர்த்தசியா இருக்கிற நாள் சாயங்காலத்துக்குள்ள அமாவாசையாயிடும், அதனால ரெண்டும் ஒரே தேதியில விழும். 2018-ல இந்திய நேரப்படி 6-ந்தேதி ராத்திரி பத்து மணிக்கு மேலதான் அமாவாசை பிறந்துச்சு. அதனால நமக்கு 6, அவங்களுக்கு 7. 2017-லயும் இப்படித்தான் ஒரு நாள் தள்ளிப் போச்சு.

நாள் மாதிரியே கதையும் திதிக்குத் திதி வேற. சதுர்த்தசி நரகாசுரனுக்கு. அமாவாசை வடக்கே ராமருக்கும் லட்சுமிக்கும், வங்காளத்துல காளிக்கு. சமணருக்கு அது மகாவீரர் நிர்வாணம் அடைஞ்ச நாள். அதுக்கு மறுநாள் மராட்டியத்துல மகாபலிக்கு. உன் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த கதையும் ஸ்கூல்ல கேட்ட கதையும் ஒண்ணை ஒண்ணு பொய்யாக்கலை. வால்மீகியைப் படிச்சா, ராமர் வனவாசம் முடிஞ்சு பரத்வாஜர் ஆசிரமத்துக்கு வந்தது பஞ்சமியிலன்னு இருக்கும். அமாவாசையில விளக்கேத்தினதா அங்கே இல்லை; அந்தத் தொடர்பு பின்னாடி வந்தது.

நம்ம கதையும் அப்படி வளர்ந்ததுதான். பாகவதத்துல நரகனோட தலையைச் சக்கரத்தால அறுக்கிறது கிருஷ்ணர். சத்தியபாமா கருடன் மேல கூட வர்றா. பூமாதேவியோட மகன் அவன், தாயாலதான் சாகணும், அதனால பூமாதேவியோட அவதாரமான பாமாவே கொன்னாங்கிறது பிறகு சேர்ந்தது. எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும், என் பிள்ளைங்களுக்கும் இதையேதான் சொன்னேன்.

நரகனை யாருக்குமே தெரியலைன்னு நினைக்காதே. கோவாவுல அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி அவன் உருவத்தைச் செஞ்சு கொளுத்துவாங்க. மராட்டிக்காரங்க நம்ம மாதிரியே எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, கரீட்னு ஒரு சின்னக் கசப்புக் காயை அசுரனா நினைச்சு கால் பெருவிரலால நசுக்குவாங்க. அசாம்லதான் கதையே தலைகீழ். அவன் ஆண்ட பிராக்ஜோதிஷம் அவங்க ஊர். ஹர்ஷர் காலத்துல அங்கே ஆண்ட பாஸ்கரவர்மன், தான் நரகன் வம்சம்னு செப்பேட்டுலயே பொறிச்சு வச்சிருக்கார். என்னோட வேலை பார்த்த அசாமியப் பொண்ணுகிட்ட நான் நம்ம கதையைச் சொன்னப்ப, “அவர் எங்க பழைய ராஜா ஆச்சே”ன்னா. அன்னைக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சுதான்.

இனி குளியல். லெஸ்டருக்குன்னு கணிச்ச பஞ்சாங்கத்தைப் பாரு. திதி மாறுற நொடி உலகத்துக்கே ஒண்ணுதான், ஆனா இங்கே விடியல் இந்தியாவுக்கு ஆறு, ஆறரை மணி நேரம் பின்னாடி வருது. ஊர்க் காலண்டர்ல இருக்கிற மணியை அப்படியே எடுத்தா தப்பிடும். நவம்பர் தொடக்கத்துல இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும், அஞ்சரைக்கு எழுந்தாலே போதும். குளியல்தொட்டியில எண்ணெய்க் காலோட பிள்ளையை நிக்க வைக்காதே, வழுக்கிடும். கீழே ரப்பர் விரிப்புப் போட்டு உட்கார வச்சுத் தேய்ச்சு விடு.

வெடி மட்டும் விடியற்காலையில கூடாது. ராத்திரி 11-லிருந்து காலை 7 வரைக்கும் இங்கே சட்டப்படி தடை. தீபாவளி ராத்திரிக்கு 1 மணி வரை விலக்கு உண்டு, அது சாயங்காலம் கொண்டாடுறவங்களுக்குத்தான் தோது. நாங்க காலையில குளிச்சு, விளக்கேத்தி, இனிப்புச் சாப்பிட்டுட்டு, மத்தாப்பை சாயங்காலத்துக்கு எடுத்து வச்சிடுவோம். நாள் தள்ளி விழற வருஷம்னா மறுநாள் லெஸ்டர்ல தீபாவளிக் கொண்டாட்டம் நடக்கிற பெல்கிரேவ் ரோட்டுக்குப் போவோம்; கூட்டம் அதிகம் இருக்கும், பொண்ணோட கையை விட்டுடாதே.